மே 28 பில்லில் மொத்தத் தொகை தவறு

தங்கச்சிமடம்,
2.6.2026

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். 28.5.2026 தேதியிட்ட 214ஆம் எண் பில்லுக்கான சரக்கு சனிக்கிழமை லாரியில் வந்து சேர்ந்தது. பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டேன். சரக்கில் ஒரு குறையும் இல்லை. பில்லின் மொத்தத் தொகைதான் இடிக்கிறது.

நண்டு வலை 45 பீஸ் என்று அடித்திருந்ததை உங்கள் குடோனில் பேனாவால் 40 என்று திருத்தி, பக்கத்தில் ரூ.24,800 என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பீஸ் ரூ.620 வீதம் அது சரி. எனக்கு வந்ததும் 40தான். ஆனால் கீழே உள்ள கூட்டுத்தொகையை யாரும் தொடவில்லை. அது இன்னும் 45 பீஸுக்கான கணக்கிலேயே நிற்கிறது.

வலை ரூ.24,800, கயிறு 60 கிலோ ரூ.12,900, தூண்டில் முள் 30 பெட்டி ரூ.3,300. கூட்டினால் ரூ.41,000 வரும். பில்லில் ரூ.44,100 இருக்கிறது. 5 சதவீத வரி ரூ.2,050 சேர்த்தால் நான் தர வேண்டியது ரூ.43,050. நீங்கள் கேட்டிருப்பது ரூ.46,305. வராத 5 பீஸின் விலை ரூ.3,100, அதற்கான வரி ரூ.155, ஆக ரூ.3,255 கூடுதல்.

பேனாத் திருத்தம் நம் இருவருக்குள் போதும், ஜிஎஸ்டிக்குப் போதாது. உங்கள் கம்ப்யூட்டரில் பழைய கணக்கே இருந்தால் அதுதான் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏறும். மே மாத ரிட்டர்னுக்கு ஜூன் 11 கடைசி நாள். அதற்குள் பில்லைத் திருத்திப் புதிதாக அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஏற்கெனவே ஏற்றியிருந்தால் ரூ.3,100க்கும் அதன் வரிக்கும் கிரெடிட் நோட் போட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் வராத சரக்குக்கு வரிக்கழிவு எடுத்ததாக என் கணக்கில் நிற்கும், ஆடிட்டர் என்னைத்தான் பிடிப்பார்.

ரூ.43,050ஐ இன்று மதியம் உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். மீதி ரூ.3,255ஐப் பாக்கி என்று பேரேட்டில் எழுத வேண்டாம். நேற்று உங்கள் ஆபீஸிலிருந்து முழுத் தொகையும் கேட்டு வாட்ஸ்அப் வந்தது. அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீங்கள் சரிபார்த்துக்கொள்ள, பேனாவால் திருத்திய அந்தப் பழைய பில்லின் போட்டோவும் லாரி ரசீதின் நகலும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அப்புறம், விட்டுப்போன அந்த 5 பீஸ் வலை எனக்கு இன்னும் வேண்டும். தடைக்காலம் விசைப்படகுக்குத்தானே, நாட்டுப்படகுக்காரர்கள் இப்போதும் கேட்டு வருகிறார்கள். சரக்கு வந்ததும் தனிப் பில் போட்டு அனுப்புங்கள், பழைய பில்லோடு சேர்க்க வேண்டாம். கயிறும் இன்னொரு 40 கிலோ, அதே விலைக்கு, 10ஆம் தேதிக்குள் கிடைத்தால் நல்லது. ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது, அதற்குப் பிறகு வந்தால் அது எனக்குக் கிடங்குச் சரக்குதான்.

இப்படிக்கு,
வலை, கயிறு கடைக்காரர்,
தங்கச்சிமடம்