‘முனைநாள்’ பற்றி ஒரு விண்ணப்பம்

திருச்சிற்றம்பலம்

மயிலாடுதுறை,
8-2-2025

பேராசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாடசாலையில் நீங்கள் பேசிய அன்று உங்களிடம் கேட்க நினைத்துக் கூட்டத்தில் கேட்க முடியாமல் போன ஒரு சந்தேகத்தை இப்போது எழுதுகிறேன்.

‘முனைநாள்’ என்ற அந்தச் சொல், நாங்கள் தினமும் பாடும் சம்பந்தர் தேவாரத்தின் முதல் பதிகத்தில் முதல் பாட்டிலேயே இருக்கிறது. ‘தோடுடைய செவியன்’ பாட்டின் மூன்றாம் அடியை நான் ‘ஏடுடையமல ரான்முனைநாட்பணிந் தேத்தஅருள் செய்த’ என்று பாடம் கேட்டேன். என்னோடு சேர்ந்து பாடும் இளைய ஓதுவார், ‘மலரான் உனைநாட் பணிந்து’ என்று பாடுகிறார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் பரம்பரையாகப் பாடியவர்தான். என்னிடம் உள்ள இரண்டு அச்சுப் புத்தகங்களும் ஆளுக்கொன்றாகச் சொல்கின்றன.

சந்தத்தை வைத்து முடிவு செய்யலாம் என்று பார்த்தேன். ‘யன்விடையேறியோர்’, ‘லைப்பொடிபூசியென்’, ‘மாபுரமேவிய’ என்று மற்ற மூன்று அடிகளிலும் நேர், நிரை, நேர், நிரை என்று போகிறது. ‘ரான்முனைநாட்பணிந்’ அப்படியே பொருந்துகிறது. சரி, ‘உனை’ இடறும் என்று எதிர்பார்த்தால், புணர்த்து ‘ரானுனைநாட்பணிந்’ என்று சொல்லும்போது அதுவும் அதே கணக்கில் வந்து நிற்கிறது. தாளம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

பாடும் வாய்க்குத் தெரிவது ஒன்று உண்டு. இந்தப் பதிகத்தின் பண்ணான நட்டபாடையை இப்போது கம்பீரநாட்டை ராகத்தில்தான் பாடுகிறோம். ‘ரா’வில் நீட்டி நின்று அடுத்த எழுத்துக்குப் போகும்போது, ‘ன்’ முடிந்து உதடு மூடி ‘மு’ வர வேண்டும். காலம் கொஞ்சம் கூடினால் உதடு சரியாக மூடுவதில்லை. ‘ரானுனை’ என்றுதான் காதில் விழுகிறது. பிள்ளைகள் கூட்டாகப் பாடும்போது இதை நான் கவனித்திருக்கிறேன். ஒருவர் பாட ஒருவர் ஏட்டில் எழுதிய இடத்தில் இப்படி ஒரு ‘மு’ நழுவியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. ஏட்டில் புள்ளியும் வைப்பதில்லை என்பதால், எழுதியவர் எதைக் கேட்டு எழுதினார் என்பதைப் பழைய சுவடிகளைப் பார்த்த உங்களைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பொருள் வகையிலும் என் மனம் ‘முனை’ பக்கமே போகிறது. மூன்று வயதுப் பிள்ளை தகப்பனாருக்கு இறைவனைச் சுட்டிக்காட்டிச் சொல்லும் பாட்டு இது. செவியன், கள்வன், பெம்மான் இவன் என்று எல்லாம் படர்க்கை. நடுவில் ‘உனை’ என்று இறைவனிடம் திரும்பிப் பேசிவிட்டு உடனே ‘இவன்’ என்று அப்பாவிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. இடம் மயங்கி வருவது தேவாரத்தில் புதிதல்ல, தெரியும். ஆனால் இந்தப் பாட்டில் அந்த ‘இவன்’தான் உயிர். அதன் பக்கத்தில் ‘உனை’ வந்தால் காட்டும் விரல் ஆடிப்போகிறது.

அப்புறம், ‘முனைநாள்’ என்றால் என்ன நாள்? ‘முன்னை நாள்’ என்பதுதான் உன்னை, உனை ஆனதுபோல இடைக்குறைந்து நிற்கிறது என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். தொல்காப்பிய மரபியலில் ‘முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்’ என்று வருகிறதே, அங்கே முனைவன் முதல்வன் அல்லவா? அந்த முனையை இங்கே கொண்டுவரலாமா? அப்படியானால் ‘முன்னொரு காலத்தில்’ என்பதற்குப் பதில், படைப்புத் தொடங்கும் முதல் நாளில் நான்முகன் வந்து பணிந்தான் என்றாகும். மூன்றாம் பாட்டில் ‘உலகின் முதலாகிய ஓரூர்’ என்று சம்பந்தப் பிள்ளையார் சொல்வதும் அதற்குத் துணை நிற்கிறது. இப்படிப் பொருள் கொண்டு பாடினால் அந்த இடத்தில் குரலுக்கு ஒரு கனம் வருகிறது. இலக்கணம் அதற்கு இடம் தருமா என்று நீங்கள் சொன்னால் போதும், துணிந்து பிள்ளைகளுக்கும் சொல்லுவேன்.

2023 ஏப்ரலில், பாட்டில் வரும் பிரமாபுரமான சீர்காழிக் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுத்தபோது திருமேனிகளோடு 400-க்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகள் கிடைத்தன அல்லவா? அவற்றில் இந்தப் பாட்டு இருக்கிறதா, இருந்தால் இந்த அடி எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வழி உண்டா? அந்தத் தலத்துப் பாட்டை அந்தத் தலத்துச் செப்பேட்டிலேயே பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

சித்திரையில் திருமுலைப்பால் விழாவுக்கு எங்கள் பிள்ளைகளை அழைத்துப்போகிறோம். எல்லோரும் ஒரே பாடமாகப் பாட வேண்டும். பங்குனி பிறக்கும் முன் பாடம் ஏற்றிவிட்டால்தான் நாக்கில் நிற்கும். உனை என்பதே சரி என்று நீங்கள் சொன்னாலும் அப்படியே மாற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன், தயங்காமல் எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் வாட்ஸப்பில் குரலாக அனுப்பினாலும் போதும். இளைய ஓதுவாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள
சு. திருஞானம்
ஓதுவார்