இந்த வாரம் வரைய: கொங்குக் காட்சிகள், மையும் வெறுந்தாளும்

எல்லாவற்றுக்கும் கறுப்பு மை மட்டும். தாள் சுவான் என்னும் சீன மைத்தாளாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் பசையேற்றாத கைத்தாள். படிகாரமும் பசையும் ஏற்றிய தாளில் மை மேலேயே நின்றுவிடும், கசியாது. தூரிகையைத் தொட்டு எடுக்கப் பக்கத்தில் ஒரு பழைய துணி இருக்கட்டும்.

1. காங்கேயம் காளை, பின்பக்கத்திலிருந்து

மைக்காகவே பிறந்த மாடு இது. வளர்ந்த காளைக்குத் திமிலும் கழுத்தும் தொடையும் கருத்திருக்கும், நடு உடல் வெளுத்திருக்கும். அந்த வெளுப்புக்குத் தாளே போதும், தொடாதீர்கள். திமில் வரும் இடத்தை மட்டும் நீரால் நனையுங்கள். பளபளப்பு அடங்கும்வரை பொறுங்கள். நுனியில் அடர்மையும் அடியில் நீர்த்த மையுமாகத் தூரிகையைச் சாய்த்து ஒரே அழுத்து. அதன் கீழ்விளிம்பு தோள்பக்கம் தானாக இறங்கிக் கரையட்டும். கொம்புக்கு இரண்டு இழுப்பு, தொடைக்கு இரண்டு, வாலுக்கு ஒன்று. கொம்பு மட்டும் காய்ந்த தாளில், கூர்மையாக. முதுகுக்கோடு போடக் கை துறுதுறுக்கும். போட்டால் படம் போச்சு.

2. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் ஒரு வெள்வேல மரம்

சித்திரை உச்சிவெயில். மரம் வலது கீழ்மூலையில், உள்ளங்கை அளவுதான். தண்டு உலர்ந்த தூரிகையில் ஒரே இழுப்பு. குடைபோல் விரிந்த தழைக்கு ஈரத்தாளில் மூன்று வெளிறிய திட்டுகள், ஓரங்கள் பூக்கட்டும். கிளுவை வேலி ஒரு கோடு, பாதியிலேயே விட்டுவிடுங்கள். புல் வேண்டாம். சித்திரையில் அங்கே புல் ஏது?

3. மேகம் இறங்கிய வெள்ளியங்கிரி

மலைமுகடு மட்டும், தாளின் மேல் ஓரத்தில். ஒரே இழுப்பு. மை காயும் முன்னே வெறும் நீர்த்தூரிகையைக் கீழ்விளிம்பில் ஓட்டுங்கள், அடிவாரம் மேகத்துக்குள் போய்விடும். சீனாவின் தென் சோங் அரசவை ஓவியர் மா யுவானை "ஒரு மூலை மா" என்றே அழைத்தார்கள். காட்சியை ஒரு மூலையில் ஒதுக்கி மிச்சத்தை மூடுபனிக்கு விட்டுவிடுவார். அந்தத் துணிச்சல் இதற்கு வேண்டும். அடிவாரத்தில் ஊர், கோயில், பஸ் எதுவும் வேண்டாம்.

4. ஆடிக்காற்றில் பொள்ளாச்சித் தென்னை

காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறது. அதனால் மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம்தான் சாய வேண்டும். ஐந்து மட்டை போதும், வேகமான வீச்சு. காற்று அடிக்கும் பக்கம் முழுவதும் வெறுந்தாள்.

5. சிங்காநல்லூர்க் குளத்தில் நீர்க்காகம்

சிறகு விரித்து உலர்த்துகிறது. உடல் ஒன்று, சிறகு இரண்டு, உட்கார்ந்த கட்டை ஒன்று. சிறகின் ஓரம் மட்டும் கசியலாம். தண்ணீர் வரைய வேண்டாம்.

ஒவ்வொன்றையும் எத்தனை தாளில் வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் முதல் தாளைத் திருத்தாதீர்கள். ஞாயிறன்று கொண்டுவரும்போது மடிக்காமல் சுருட்டி வாருங்கள்.