கால் ஷீட்: பழவேற்காடு ஏரி, பாடு முறை ஆவணப்படம், இரண்டாம் நாள்

நாள்: 2025 பிப்ரவரி 9, ஞாயிறு (தை 27)
சூரிய உதயம்: காலை 6.33. மறைவு: மாலை 6.13.
குழு: தன்னார்வலர் எட்டுப் பேர், வேன் ஓட்டுநர் ஒருவர்.

முதலில் படிக்க வேண்டியது

ஏரியில் எந்தக் குழு எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைத் திருவுளச்சீட்டின் மூலமும் முறைவைப்பின் மூலமும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் பாடு முறையைத்தான் நாம் பதிவு செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை நமக்கு இடமளிக்கும் குழுவுக்கு அன்று பாடு நாள். அந்த முறை தவறினால் மறுபடி எப்போது வரும் என்று அவர்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே கேமராவுக்காக எவரையும் வலையை மறுபடி தூக்கச் சொல்லவோ, படகை நிறுத்தச் சொல்லவோ, மீனைத் திரும்பக் கொட்டிக் காட்டச் சொல்லவோ கூடாது. தவறிய ஷாட் தவறியதாகவே இருக்கட்டும். இதில் இயக்குநர் செல்வியும் நானும் ஒரே கருத்தில் இருக்கிறோம்.

புறப்பாடு

அனைவரும் அதிகாலை 3.45 மணிக்குப் பெரம்பூர் ரயில் நிலைய வாசலில் கூடவும். வேன் 4.00 மணிக்குக் கிளம்பிவிடும். ஒருவருக்காகக் காத்திருந்தால் விடியலின் வெளிச்சத்தை இழப்போம் என்பதால் இந்த நேரத்தில் தளர்வு இல்லை. செங்குன்றம், தச்சூர் கூட்டுச்சாலை, பொன்னேரி வழியாகச் சென்று 5.20 மணிக்குப் பழவேற்காடு படகுத்துறையை அடைவோம். சொந்த வண்டியில் வருபவர்கள் படகுத்துறைக்குச் செல்லும் குறுகிய தெருவில் வண்டியை நிறுத்தினால் மீன் ஏற்ற வரும் வண்டிகளுக்கு வழி அடைபடும் என்பதால், பேருந்து நிலையத்துக்கு அருகில் நிறுத்திவிட்டு நடந்து வரவும். தேநீரும் பிஸ்கட்டும் வேனிலேயே கிடைக்கும்.

இடம் 1: ஏரி, வலை தூக்குதல் (காட்சி 4, 5)

படகுகள் 5.45 மணிக்குத் துறையை விட்டு நீங்கும். இரவில் கட்டிய வலையைக் குழுவினர் தூக்கும் இடத்தை 6.10 வாக்கில் அடைவோம்; கிழக்கு வெளுத்துச் சூரியன் எழும் வரை கிடைக்கும் இருபது நிமிட மென்வெளிச்சமே இந்த நாளின் மிக அரிய பொருள். முதல் படகில் ஏழுமலை அண்ணனுடன் செல்வி, ஒளிப்பதிவாளர் பிரபாகரன், ஒலிப்பதிவாளர் ஜெயராஜ் ஆகியோர் செல்வர். இரண்டாம் படகில் இரண்டாம் கேமராவுடன் நஸ்ரினும் உதவியாளர் கதிரும் செல்வர். மற்ற மூவரும் கரையில் இருப்பர்.

உயிர்காப்பு உடையை அணியாமல் எவரும் படகில் கால் வைக்கக் கூடாது. ஒளிப்பதிவாளருக்குக் கை அசைக்க இடையூறாக இருந்தாலும் இதே விதிதான். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை ஊரில் இன்றும் மறக்கவில்லை. படகில் எழுந்து நிற்க வேண்டுமானால் ஏழுமலை அண்ணனிடம் கேட்டுவிட்டே எழவும். வாடைக் காற்று பலமாக இருந்து அவர் வேண்டாம் என்று சொன்னால், அந்தச் சொல்லே முடிவு, மறுபேச்சு வேண்டாம். அப்படி நேர்ந்தால் இடம் 3-இன் நேர்காணலைக் காலை 8.00 மணிக்கு முன்தள்ளுவோம், ஏரிக் காட்சிகளை அடுத்த ஞாயிறு, பிப்ரவரி 16-க்கு மாற்றுவோம்.

ஏரி பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால் வனத்துறை அனுமதிக் கடிதத்தின் இரு பிரதிகள் ஒவ்வொரு படகிலும் ஒன்றாக இருக்கும். பூநாரைக் கூட்டம் தென்பட்டால் நெருங்கிப் படகைச் செலுத்தக் கேட்க வேண்டாம். 70-200 லென்ஸில் கிடைப்பது போதும். கூட்டமாகப் பறக்கும் காட்சி அழகுதான், ஆனால் நாம் விரட்டிப் பறக்கவைத்தது என்றால் அது நம் படத்தில் இருக்க வேண்டியதில்லை.

இடம் 2: இறங்குதுறை, ஏலம் (காட்சி 6)

8.00 மணிக்குப் படகுகள் கரை சேர்ந்ததும் ஏலம் தொடங்கிவிடும். அது பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடக் கூடியது. இறால், நண்டு, மடவை ஆகியவை தனித்தனியாகக் கூறு வைக்கப்படும்போது நஸ்ரின் கைகளையும் கூடைகளையும் நெருக்கத்தில் எடுக்கட்டும். பிரபாகரன் ஏலம் கூறுபவரின் முகத்தோடு நிற்கட்டும். ஏலக்குரல் நமக்கு மிக முக்கியம் என்பதால், கூட்டத்துக்கு மேலே பூம் மைக்கை உயர்த்திப் பிடிக்க ஜெயராஜுக்குக் கதிர் துணை நிற்கவும். வாங்க வருபவர்களில் தம் முகம் வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள். கரையில் காத்திருக்கும் சுகன்யா முன்கூட்டியே ஒவ்வொருவரிடமும் பேசி, விரும்பாதவர்களின் இடத்தை இரு கேமராக்காரர்களுக்கும் காட்டிவிடுவார்.

காலை உணவு 8.45 மணிக்கு, பார்வதி அக்காவின் வீட்டில். இட்லியும் பொங்கலும் சொல்லியிருக்கிறோம். பெண்கள் பயன்படுத்தக் கழிப்பறை வசதியும் அவர் வீட்டில் நாள் முழுவதும் உண்டு. படகுத்துறையில் வேறு வசதி இல்லை என்பதால், இதை முன்பே தெரிவித்துவிடுகிறேன்.

இடம் 3: கோட்டைக்குப்பம், தனக்கோடி ஐயாவின் திண்ணை (காட்சி 7)

10.00 முதல் 11.45 வரை. ஐயாவுக்கு 74 வயது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விட வேண்டும், நடுவில் மோர் கொடுக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் போதாது. சுகன்யா அதை உரக்கப் படித்துக் காட்டி, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மறுக்கலாம், படம் வெளிவரும் முன் தம் பேச்சை நீக்கச் சொல்லலாம் என்ற இரண்டையும் அவர் புரிந்துகொண்டதை உறுதி செய்த பிறகே கேமராவை இயக்க வேண்டும். அவரிடம் பேசுபவர் செல்வி ஒருவரே. சென்ற முறை இருவர் மாறி மாறிக் கேட்டதால் ஐயா எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தடுமாறினார். அது நம் தவறு.

திண்ணையில் ஒளி கிழக்கிலிருந்து வரும். கூரை விளிம்பின் நிழல் 11 மணிக்கு மேல் அவர் நெற்றியை வெட்டும் என்று சென்ற வாரம் பார்த்தபோது குறித்துக்கொண்டேன். அதற்கு முன் முக்கியக் கேள்விகளை முடிக்கவும், பிறகு ரிஃப்ளெக்டரின் வெள்ளைப் பக்கத்தால் நிரப்பவும். அருகிலுள்ள டீசல் மோட்டார் சத்தம் இடையிடையே வரும். அதை நிறுத்தும்படி கேட்க நமக்கு உரிமை இல்லை. நின்றபின் பேச்சைத் தொடர்வோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் அறைச்சத்தம் தனியாகப் பதிவு செய்ய ஜெயராஜ் மறக்க வேண்டாம்.

12.00 முதல் 1.00 வரை தெருவில் வலை பின்னுவதும் கிழிசல் பார்ப்பதும் நடக்கும். கேமரா ஒன்று போதும். மதிய உணவு 1.00 முதல் 2.30 வரை. மீன்குழம்பும் சோறும், சைவம் சொன்ன மூவருக்குச் சாம்பாரும். இந்த நேரத்தில் இளவரசன் தரவு நகலெடுப்பார், மற்றவர்கள் ஓய்வெடுக்கவும்.

இடம் 4: மீன் விற்கும் பெண்கள், பிறகு பாலம் (காட்சி 8, 9)

3.15 முதல் 4.30 வரை பார்வதி அக்கா தாம் விற்கும் மீனுக்கும் பாடு நாளுக்கும் உள்ள தொடர்பைச் சொல்வார். பாடு பற்றிப் பேசுபவர்கள் அனைவரும் ஆண்களாகவே இருக்கும் படத்தை நாம் எடுக்கக் கூடாது என்பதால் இந்தக் காட்சியைக் குறைக்க மாட்டோம். பிறகு 5.00 முதல் 6.20 வரை பாலத்தின் மேற்குக் கரையில் அகலக் காட்சிகள். பாலத்தில் நடைபாதையைத் தாண்டி முக்காலி வைக்க வேண்டாம்.

டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் எடுக்க மாட்டோம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, நமக்கு அங்கு அனுமதி இல்லை. டிரோனும் கிடையாது, ஸ்ரீஹரிகோட்டா அருகில் இருக்க, யாரும் பையில் கூடக் கொண்டுவர வேண்டாம்.

7.00 மணிக்கு வேன் கிளம்பும், 9.00 வாக்கில் பெரம்பூர்.

கருவிகள்

இரண்டு மிரர்லெஸ் கேமராக்கள், 24-70, 70-200, 35 மி.மீ. லென்ஸ்கள், என்.டி. ஃபில்டர்கள், முக்காலி ஒன்று, மோனோபாட் ஒன்று ஆகியவை பிரபாகரன் பொறுப்பில். பேட்டரிகள் எட்டும் சனிக்கிழமை இரவே முழுமையாக ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இரு கேமராக்களும் 4K, விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, வெண்சமநிலை 5600K என்று வைக்கப்படும். ஷட்டரை 1/50-இல் வைப்பதால் வீட்டின் குழல்விளக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மினுங்காது. ஒளிக்காக ஷட்டரை மாற்றாமல் என்.டி. பயன்படுத்தவும்.

ரெக்கார்டர், பூம் மைக், காற்றுத்தடுப்பு உறை, இரண்டு காலர் மைக்குகள் ஜெயராஜிடம். ஒலி 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட். பேச்சின் உச்சம் −12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். காற்றுத்தடுப்பு உறை மறந்தால் ஏரிக்காட்சியின் ஒலி முழுவதும் வீண்.

128 ஜி.பி. கார்டுகள் ஆறு. 100 எம்.பி.பி.எஸ். பதிவில் ஒன்றில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் என்றாலும், ஒவ்வொரு இடத்துக்குப் பின்னும் மாற்றவும். இளவரசன் இரு எஸ்.எஸ்.டி.களிலும் நகலெடுத்து, திறந்து பார்த்த பிறகே கார்டைத் திருப்பித் தருவார். எஸ்.எஸ்.டி. இரண்டும் வெவ்வேறு பைகளில் வீடு திரும்ப வேண்டும்.

படகில் லென்ஸ் மாற்றவே கூடாது. நீர்புகா பைகளில்தான் கருவிகள். உப்புத்துளி பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காமல், சற்றே ஈரமான துணியால் ஒற்றி எடுத்த பிறகு உலர்த்தவும். தேய்த்தால் உப்பே கண்ணாடியைக் கீறும்.

தொடர்பு

கைபேசி எண்கள் இந்தத் தாளில் இல்லை. இது ஊரில் பலர் கைக்குப் போகும் என்பதால் ஒவ்வொருவரின் அடையாள அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கிறோம். படகுகளுக்கும் கரைக்கும் வாக்கிடாக்கி சேனல் 3, கரையில் உள்ளவர்கள் தங்களுக்குள் சேனல் 5. ஊரில் எதைக் கேட்பதானாலும் பார்வதி அக்கா, படகு தொடர்பாக ஏழுமலை அண்ணன், வேனுக்கு முருகேசன் அண்ணன், நேரமாற்றத்துக்கும் பணத்துக்கும் ஒருங்கிணைப்பாளரான நான்.

அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, ஏரிமுகத்தை அடுத்த கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554. முதலுதவிப் பெட்டி கரையில் சுகன்யாவிடம், சிறிய பை ஒன்று முதல் படகில். பெரிய சிகிச்சைக்குப் பொன்னேரி அரசு மருத்துவமனைக்குச் செல்வோம். அதற்காக முருகேசன் அண்ணன் நாள் முழுவதும் வேனை விட்டு நீங்க மாட்டார்.

படகு ஒன்றுக்கு 2,000 ரூபாய் பேசியிருக்கிறோம், இறங்கியதும் நானே கையில் கொடுத்துவிடுவேன். தலையில் துண்டோ தொப்பியோ, நனைந்தால் வழுக்காத செருப்பு, மாற்றுடை ஒன்று, எவர்சில்வர் தம்ளர் ஒன்று அவரவர் கொண்டுவரவும். வர இயலாதவர்கள் சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் என்னிடம் சொல்லவும்.

மீனாட்சி
தயாரிப்பு ஒருங்கிணைப்பு