ஒட்டுசுட்டான் நெல் விசயம்: சனிக்கிழமை கதைச்சு முடிச்சதும் இன்னும் முடியாமக் கிடக்கிறதும்

அண்ணை, வணக்கம்.

சனிக்கிழமை அவ்வளவு வெயிலுக்க பரந்தனுக்கு வந்து மில்லில இருந்து கதைச்சிட்டுப் போனதுக்கு முதல்ல நன்றி. வாயால கதைச்சது ரெண்டு கிழமையில ஆளுக்கொரு மாதிரி ஞாபகம் வரும், அதுதான் எழுதி அனுப்புறன். எங்கயாவது நான் பிழையா விளங்கியிருந்தா உடன சொல்லுங்கோ.

முடிஞ்சது இது. சிவப்பு நெல், At 362, மொத்தம் 30,000 கிலோ. 10,000 படி மூண்டு லோட், முதலாவது வாற மாசம் 5ஆம் திகதி, பிறகு பத்து நாளுக்கொருக்கா. விலை 14 வீத ஈரப்பதனில கிலோ 124 ரூபா. அரசாங்கம் 2025 பெப்ரவரியில நாடு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 எண்டு அறிவிச்சத வச்சுத்தான் நாங்கள் ரெண்டுபேரும் இந்த இடத்துக்கு வந்தனாங்கள்.

ஈரப்பதன் விசயத்த கொஞ்சம் விரிவா எழுதுறன், ஏனெண்டா அதிலதான் எல்லாருக்கும் மனக்கசப்பு வாறது. நீங்கள் கொண்டுவந்த அந்தச் சாக்கில மேல அள்ளினது மீற்றரில 14.5 காட்டிச்சு, கம்பியக் குத்தி நடுவில இருந்து எடுத்தது 17.2, நீங்களும் குனிஞ்சு பாத்தனீங்கள். அது உங்கட பிழை இல்ல, மெசினால வெட்டி வயலிலயே சாக்கில கட்டினா அப்பிடித்தான் வரும், ஆனா அப்பிடியே அடுக்கி வச்சா உள்ள சூடேறி அரிசி மஞ்சளடிச்சுப் போகும், பிறகு அவிச்சாலும் நல்லா வராது. அதால ஒவ்வொரு லோட்டிலயும் பத்துச் சாக்கில நடுவில இருந்து எடுத்துக் கலந்து, உங்கட ஆளும் எங்கட ஆளும் பக்கத்தில நிக்க அளக்கிறது. 14க்கு மேல இருந்தா குத்துமதிப்பா மூட்டைக்கு ரெண்டு கிலோ மூண்டு கிலோ எண்டு வெட்டுற பழக்கம் எங்களிட்ட வேண்டாம். 100இல ஈரப்பதனக் கழிச்சு, வாறத 86ஆல பிரிச்சு, நிறையோட பெருக்கிறது. 17 வீதத்தில 10,000 கிலோ வந்தா 9,651 கிலோவுக்குக் காசு, அதுக்கு மேல ஒரு கிலோவும் வெட்டமாட்டம். 18க்கு மேல எண்டா இறக்கமாட்டம், களத்தில காயவிட்டுத் தரவேணும்.

சாக்கு எங்கட. வெறுஞ்சாக்கு பத்த ஒண்டா நிறுத்து சராசரியக் கழிக்கிறது. தராசு முத்திரை குத்தினதுதான், சந்தேகமெண்டா உங்கட படிக்கல்லக் கொண்டுவந்து வச்சுப் பாருங்கோ, எனக்கு அது கோவமில்ல.

காசு: இறக்கின அண்டைக்கே 60 வீதம் உங்கட பாங்க் கணக்குக்கு, மிச்சம் 14 நாளுக்க. முழு 10,000 கிலோ எண்டா 7,44,000 அண்டைக்கு, 4,96,000 பிறகு. நான் கேட்டது ஒண்டே ஒண்டு, அந்த 60 வீதம் வந்த கையோட கமக்காரருக்குப் போகவேணும். போன போகத்தில ஒரு வியாபாரி எங்கட ஊர்ச் சனத்தின்ர நெல்ல ஏத்திக்கொண்டுபோய் மூண்டு மாசம் இழுத்தவர், அதில ஒரு அம்மா பிள்ளையின்ர ரியூசன் காசுக்கு நகைய அடகு வச்சதக் கண்ணால கண்டனான். நீங்கள் சரியெண்டு தலையாட்டினீங்கள், அத நான் முடிஞ்ச விசயமாத்தான் எழுதுறன்.

இனி முடியாதது.

மொட்டைக்கறுப்பன். 4,000 கிலோ இருக்கெண்டு சொன்னீங்கள், நான் 165 கேட்டன், நீங்கள் 180இல நிக்கிறீங்கள். கிடைக்கிறது அரிது எண்டு எனக்கும் தெரியும், ஆனா போனமுறை வேற இடத்தில வாங்கினதில வெள்ளை நெல் கலந்து வந்து ஒரே தொட்டியில ஒண்டு அவிஞ்சு மற்றது அவியாமக் கிடந்தது. மாதிரிக்கு ஒரு ரெண்டு கிலோ அனுப்புங்கோ, குத்திப் பாத்திட்டு விலைக்கு வாறன்.

லொறிக்கூலி. மாங்குளம் வந்து ஏ9ஆல பரந்தனுக்கு ஏத்துற கூலி உங்கட பொறுப்பு எண்டது சரி, டீசல் ஏறினா ஆர் குடுக்கிறது எண்டது அப்பிடியே நிக்குது. கூடுற கூலிய ஆளுக்குப் பாதி எண்டு நான் யோசிக்கிறன்.

வழியில மழை. படங்கு இல்லாம ஏத்தினா நட்டம் ஏத்தினவருக்கு எண்டது என்ர நிலைப்பாடு, நீங்கள் டிறைவரோட கதைச்சுச் சொல்லுறன் எண்டனீங்கள். முறிகண்டியில நிப்பாட்டிக் கும்பிடுறவை அப்பவே ஒருக்காப் படங்கின்ர கயித்தையும் இழுத்துப் பாத்தா போதும் அண்ணை.

இந்த மூண்டுக்கும் புதன்கிழமைக்குள்ள பதில் தாங்கோ, வியாழக்கிழமை நான் சாக்கு 160 ஏத்திவிடவேணும். அம்மான்ர கால் நோ எப்பிடி, கேட்டதாச் சொல்லுங்கோ.

இப்பிடிக்கு,
தங்கச்சி, பரந்தன் மில்