நொதி: விரைவும் தடையும் (பதினோராம் வகுப்பு, உயிரியல் குறிப்பு)

நேற்று ஆய்வகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போட்டதும் குபுகுபுவென நுரை பொங்கியது. வேகவைத்த துண்டு சும்மா கிடந்தது. ஏன்?

2H₂O₂ → 2H₂O + O₂

இந்த வினை மூடிய புட்டிக்குள்ளும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, மிக மெதுவாக. சிதைவதற்கு முன் மூலக்கூறு ஓர் ஆற்றல் மேட்டைத் தாண்டியாக வேண்டும். அந்த மேட்டின் உயரமே கிளர்வு ஆற்றல். இங்கே மோலுக்கு ஏறத்தாழ 75 கிலோஜூல். அறை வெப்பநிலையில் அவ்வளவு ஏறத் தெம்புள்ள மூலக்கூறுகள் வெகு சில. கிழங்கிலுள்ள கேட்டலேஸ் நொதி, மேடு தாழ்ந்த வேறு பாதையைத் திறந்துவிடுகிறது. மூலக்கூறுகளின் தெம்பு கூடவில்லை, ஏற வேண்டிய உயரம்தான் குறைந்தது. அதனால் 'நொதி ஆற்றல் தருகிறது' என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இங்கேதான். முன்வினையும் பின்வினையும் ஒரே மடங்கில் விரைவதால் சமநிலையும் மாறாது.

இதெல்லாம் நடப்பது நொதிப் புரதத்தின் ஒரு சிறு குழியில். அதுவே கிளர்வு மையம். நொதி மாற்றவேண்டிய மூலக்கூறான தளப்பொருள் வந்து பொருந்தும் இடம். ஃபிஷர் 1894இல் இதைப் பூட்டு, சாவி என்றார். பூட்டு விறைப்பானது, நொதியோ தளப்பொருள் வந்ததும் சற்றே வளைந்து கொடுக்கும். 1958இல் கோஷ்லாண்ட் சொன்ன இந்தத் திருத்தத்தையும் சேர்த்தே படியுங்கள். வேகவைத்தபோது புரதத்தின் மடிப்பு குலைந்தது, குழியும் போயிற்று. நுரை வராததன் காரணம் அவ்வளவுதான்.

இனி தடுப்பு. கள்ளச்சாராயச் சாவுகளில் அடிபடும் பெயர் மெத்தனால். அதைக் கொடிய நஞ்சாக்குவது நம் கல்லீரல் நொதியே! ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் அதை ஃபார்மால்டிஹைடாக்கும். அது பிறகு ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். மருத்துவர்கள் தரும் ஃபோமெபிசோல் அதே கிளர்வு மையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மெத்தனால் மாறாமலே மெல்ல வெளியேறும். இது போட்டித் தடுப்பு.

போட்டி என்பதால் எண்ணிக்கை முக்கியம். தளப்பொருளின் செறிவை மிக அதிகமாக்கினால் அது தடுப்பானை வென்றுவிடும். ஆகவே வினையின் உச்ச வேகமான Vmax மாறாது, அதில் பாதி வேகத்தை எட்டத் தேவையான தளப்பொருள் செறிவான Km மட்டும் கூடும்.

போட்டியற்ற தடுப்பான் குழிக்கு வருவதே இல்லை. வேறோர் இடத்தில் ஒட்டி நொதியின் செயலைக் கெடுக்கும். எவ்வளவு தளப்பொருளைக் கொட்டினாலும் பயனில்லை: Vmax குறையும், Km அப்படியே இருக்கும்.

இவ்விரண்டிலும் தடுப்பான் விலகினால் நொதி மீளும். ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து அப்படியல்ல. அது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நரம்பு மண்டல நொதியின் கிளர்வு மையத்திலுள்ள செரின் என்ற அமினோ அமிலத்துடன் சகப்பிணைப்பில் இறுகிவிடும். உரிய நேரத்தில் மாற்று மருந்து தந்து அந்தப் பிணைப்பை உடைக்காவிட்டால், உடல் புதிய நொதியைத்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.