பில்லிங் மென்பொருளில் தமிழ் வேண்டி ஒரு மளிகைக் கடைக்காரர் கடிதம்

அனுப்புநர்:
சு. முருகேசன்,
மளிகைக் கடை உரிமையாளர்,
மெயின் ரோடு, கோவில்பட்டி,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
பில்லிங் மென்பொருள் தயாரிப்புப் பிரிவு,
கோயம்புத்தூர்.

நாள்: 12.11.2025

பொருள்: கவுண்டர் திரை, எச்சரிக்கைச் செய்திகள், பில் அச்சு ஆகியவற்றைத் தமிழிலும் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜிஎஸ்டி வந்த 2017-லிருந்து உங்கள் மென்பொருளில்தான் பில் போட்டு வருகிறோம். வருடா வருடம் ரினீவலும் கட்டுகிறோம். பில் வேகமாக வருகிறது. கரண்ட் போய் வந்தாலும் பாதியில் நின்ற பில் அப்படியே இருக்கிறது. ஆடிட்டர் கேட்கும் ஜிஎஸ்டிஆர்-1 விவரத்தை உடனே எடுத்துக் கொடுத்துவிட முடிகிறது. இதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. திரையில் தமிழ் இல்லை என்பதுதான் குறை, அதைச் சேர்த்துத் தர வேண்டும் என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடையில் பில் போடுவது நான் அல்ல. நான் காலையில் சரக்கு இறக்க நிற்பேன், இல்லையென்றால் விருதுநகருக்குப் பருப்பு, வத்தல் எடுக்கப் போயிருப்பேன். கவுண்டரில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், கூட்ட நேரத்தில் என் மனைவியும் உட்காருவார். மூவருமே தமிழ் வழியில் படித்தவர்கள். எந்த வீட்டுக்கு எந்த டீத்தூள் போகும், எந்த மூட்டையில் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வாய்க்கணக்கில் என்னைவிட வேகம். ஆனால் உங்கள் திரையை அவர்கள் வாசிப்பதில்லை, இடம் பார்த்துத்தான் அமுக்குகிறார்கள். கீழே பச்சை, அதற்குப் பக்கத்தில் சாம்பல், மேலே மூலையில் இருப்பது பிரிண்ட். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு அப்டேட் அனுப்பினீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் `Hold` இருந்த இடத்துக்கு `Discard` வந்துவிட்டது. ஒரு வீட்டின் பலகாரச் சாமான் மொத்தமும் பில்லில் ஏற்றியாகிவிட்டது. அந்த அம்மா நெய்யை மறந்துவிட்டேன் என்று உள்ளே போனதும், பின்னால் நின்றவருக்கு வழி விட வேண்டும் என்று எங்கள் பெண் வழக்கமான இடத்தில் அமுக்கிவிட்டாள். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. `Yes` என்றால் சரி என்றுதானே நினைப்பாள்? பில் முழுதும் போய்விட்டது. பையில் கட்டிய சாமானை மறுபடி வெளியே எடுத்து ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தோம். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. “அண்ணாச்சி, கம்ப்யூட்டர் வேண்டாம், தாள்ல எழுதிக் கூட்டுங்க” என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். அந்தப் பட்டனில் ‘பில்லை அழி’ என்று இருந்திருந்தால், எந்த இடத்துக்கு மாற்றியிருந்தாலும் அவள் தொட்டிருக்க மாட்டாள்.

இது கண்ணுக்குத் தெரிந்த நஷ்டம். தெரியாமல் நடப்பது வேறு. வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு டின் நல்லெண்ணெயைத் திருப்பிக் கொடுத்தார். `Sales Return`-ல் போட வேண்டியது `Purchase Return`-ல் போய்விட்டது. இரண்டிலும் `Return` இருக்கிறது, இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. இருப்பில் இரண்டு கூட வேண்டிய இடத்தில் இரண்டு குறைந்துவிட்டது. மாதக் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோது நான்கு டின் வித்தியாசம். கவுண்டரில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கும்படி ஆகிவிட்டது. திரையில் ‘வாடிக்கையாளர் திருப்பியது’, ‘கம்பெனிக்குத் திருப்பியது’ என்று இருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

அப்புறம், செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியதே, அந்த நாள் நினைவிருக்கும். குளியல் சோப், ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்தன. நெய் 12-லிருந்து 5-க்கு. துணி பவுடர் 18-லேயே நின்றது. மொத்தமாக மாற்ற நீங்கள் வசதி கொடுத்திருந்தீர்கள், நல்ல காரியம். ஆனால் நடுவில் நான்கு வரி ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது, கீழே `Yes`, `No`. பழைய சரக்குக்கும் சேர்த்து மாற்றவா என்று கேட்கிறதா, இனி வரும் கொள்முதலுக்கு மட்டுமா என்று எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. உங்கள் உதவி எண்ணில் பேசிய தம்பி பொறுமையானவர், தமிழில்தான் பேசினார். ஆனால் திரை ஆங்கிலம் என்பதால் அவரும் “எம்-ல ஆரம்பிக்கும் பாருங்கக்கா, அதுக்குக் கீழே, இல்ல, அதுக்கும் கீழே” என்றுதான் வழி சொல்ல வேண்டியிருந்தது. திரை தமிழில் இருந்தால் உங்களுக்கு வரும் போன்களில் பாதி குறையும் என்பது என் கணிப்பு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. முதலில் பில் போடும் திரை, அடுத்து அந்த எச்சரிக்கைப் பெட்டிகள். இவை இரண்டும் வந்தாலே எங்கள் தலைவலி பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஜிஎஸ்டி அறிக்கைகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், ஆடிட்டர் அப்படித்தான் கேட்கிறார். ஆகவே மொழியை ஆளுக்கு ஆள் வைக்கும்படி செய்யுங்கள். கவுண்டர் லாகின் தமிழில் திறக்க வேண்டும், கணக்கு எழுதுபவர் லாகின் ஆங்கிலத்தில் திறக்க வேண்டும், உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒருவர் மொழியை மாற்றினால் எல்லா மெஷினிலும் மாறிவிடக் கூடாது.

பொருள் பெயர்தான் பெரிய வேலை. இப்போது ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டலில் ஏற்றி வைத்திருக்கிறோம். கடலைப் பருப்பு மட்டும் `KADALAI PARUPPU`, `KADALA PARUPU`, `K.PARUPPU` என்று மூன்றாகக் கிடக்கிறது, இருப்பும் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. ஒரே பொருளுக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, ஆங்கிலப் பெயர் ஒன்று வைக்க இடம் கொடுங்கள். தேடும்போது ‘துவ’ என்று அடித்தாலும் துவரம் பருப்பு வர வேண்டும், `thuva` என்று அடித்தாலும் வர வேண்டும், `toor` என்றாலும் வர வேண்டும். துவரம்பருப்பு என்று சேர்த்து எழுதியதும் துவரம் பருப்பு என்று இடம் விட்டு எழுதியதும் தேடலில் ஒன்றாகவே இருக்கட்டும். தமிழ் டைப் தெரிந்தவருக்குத் தமிழ்99, தெரியாதவருக்கு `amma` என்று அடித்தால் அம்மா வரும் முறை, இரண்டும் இருந்தால் நல்லது.

பட்டியல் வரிசையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சில மென்பொருள்களில் ழ-வுக்கு முன்னால் ள வந்து நிற்கிறது, ன என்பது ந-வுக்கு அடுத்தே வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் எழுத்துக்குக் கொடுத்த எண் வரிசை அப்படி என்கிறான் இன்ஜினியரிங் படிக்கும் என் அண்ணன் மகன். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த வரிசைதான் தெரியும்.

பிரிண்டர் விஷயம். எங்களிடம் இருப்பது மூன்று இஞ்ச் தெர்மல் பிரிண்டர். சோதித்துப் பார்க்கத் தமிழில் ஒரு பெயரை ஏற்றி பில் அடித்தால் வரிசையாகக் கேள்விக்குறி வந்தது. பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து கிடையாது, எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் வரும் என்று சர்வீஸ் ஆள் சொன்னார். சரி, அப்படியே அனுப்புங்கள். வேகம் குறையும் என்றால் பொருள் பெயரை மட்டும் படமாக அனுப்பி மற்றதை எப்போதும்போல அடிக்க ஒரு வசதி கொடுங்கள். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் விழுகிறதா என்பதைக் ‘கொத்தமல்லி’ அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு இஞ்ச் பேப்பரிலும் சோதியுங்கள், சின்னக் கடைகள் பலவற்றில் அதுதான் ஓடுகிறது. நீளமான பெயரைப் பாதியில் வெட்டாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோங்கள். எண்கள் 1, 2, 3 என்றே இருக்கட்டும். பழைய தமிழ் எண்களைப் போட்டுவிட்டால் நாங்களே தவித்துப்போவோம்!

பற்று வைக்கும் வீடுகளுக்கு உங்கள் மென்பொருள் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறது. `Your outstanding amount is overdue` என்று போகிறது. அதைப் பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, “என்ன அண்ணாச்சி, நோட்டீஸ் அனுப்புற அளவுக்கு ஆயிட்டோமா” என்று நேரில் வந்து கேட்ட பெரியவர் உண்டு. எங்கள் அப்பா காலத்திலிருந்து வாங்குகிற குடும்பம் அது. பாக்கி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. “வணக்கம். இன்று வரை உங்கள் கணக்கில் பாக்கி ரூ. 2,340. வசதிப்படும்போது செலுத்தவும்” என்று போனால் போதும். அந்த வாசகத்தைக் கடைக்காரர் திருத்திக்கொள்ளவும் இடம் வையுங்கள்.

மொழிபெயர்ப்பை யாரிடம் கொடுத்தாலும், கடையில் புழங்கும் சொல் தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும். எங்களுக்கு பில் என்றால் பில்தான். சரக்கு, இருப்பு, கொள்முதல், பாக்கி, வரவு, தள்ளுபடி என்று கணக்கு நோட்டில் எழுதுகிற சொற்களே போதும். பட்டனில் சொல் அடங்கவில்லை என்று எழுத்தைப் பொடியாக்கிவிடாதீர்கள், பட்டனைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். கவுண்டரில் வழக்கமாகப் பயன்படும் சொற்களை என் மனைவியும் அந்தப் பெண்களும் சேர்ந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் நகலை இதனுடன் இணைத்திருக்கிறேன். சோதனைப் பதிப்பு தயாரானால் எங்கள் கடையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். மாத முதல் வாரமும் பண்டிகை நாளும் மட்டும் வேண்டாம்.

இதற்குத் தனியாகக் கொஞ்சம் கட்டணம் வைத்தாலும் நான் கட்டத் தயார், நியாயமாக இருந்தால் சரி. எங்கள் பக்கம் இன்னும் கையால் பில் எழுதும் கடைகள் நிறைய இருக்கின்றன. பாத்திரக்கடை, உரக்கடை, கடலை மிட்டாய் போடும் வீடுகள். கம்ப்யூட்டர் வாங்க அவர்களிடம் பணம் இல்லாமல் இல்லை. ஆங்கிலம் தெரிந்த ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டுமே என்றுதான் தள்ளிப்போடுகிறார்கள். ஏடிஎம் தமிழில் கேட்கிறது, கவுண்டரில் வைத்திருக்கும் ஸ்பீக்கர் பெட்டி பணம் வந்ததைத் தமிழில் சொல்கிறது. உங்கள் மென்பொருளும் தமிழில் வந்தால் நானே நான்கு கடைக்கு அழைத்துப் போய்க் காட்டுவேன்.

என் ரினீவல் மார்ச் கடைசியில் வருகிறது. அதற்குள் செய்ய முடியுமா, முடியாது என்றால் எப்போது, முதலில் எந்தத் திரை வரும் என்று ஒரு பதில் வேண்டும். பதில் தமிழில் இருந்தால் கவுண்டரில் இருப்பவர்களும் வாசித்துக்கொள்வார்கள். போனில் பேசுவதானால் லைசென்ஸில் பதிந்திருக்கும் எண்ணுக்கு மதியம் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் கூப்பிடுங்கள், அப்போது கூட்டம் இருக்காது.

இப்படிக்கு,
சு. முருகேசன்

இணைப்பு: கவுண்டர் சொற்பட்டியல் நகல், கேள்விக்குறி விழுந்த பில் ஒன்று.