நமக்குள்ள என்ன கணக்கு

அண்ணி முறுக்குச் சுட்டு விற்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படி நேராகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா, "அடுப்பு நாள் பூரா எரிஞ்சா வீடே கொதிக்குமே" என்றாள். அண்ணன், "மாசம் எவ்வளவு நிக்கும்னு பாத்தியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் குளிக்கப் போனான். சித்தப்பா மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கடையில் அடுக்கி வைத்திருக்கும் பாக்கெட்டுகளை எண்ணிக் காட்டினார். அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கி ஒரே வருடத்தில் மூடியவர். அந்த அனுபவத்தைப் பிறகு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவந்தார்.

நான் சொன்னது, "பாக்கலாம் அண்ணி." மற்ற எல்லோரும் சொன்னதைவிட மோசமானது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணியின் முறுக்கை நாங்கள் 11 வருடமாகத் தின்றுகொண்டிருந்தோம். வீட்டுக்கு வருகிறவர்கள் திரும்பும்போது கையில் ஒரு டப்பா போகும். "உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கிக்கொள்வார்கள். அதே ஆட்கள்தான், "இதையெல்லாம் யாரு காசு குடுத்து வாங்குவா?" என்றும் கேட்டார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடிகிறது என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

அண்ணி முதலில் விற்கவே இல்லை. எடை போட்டாள். ஒரு கிலோ அரிசி மாவு, கால் கிலோ உளுந்து மாவு, வெண்ணெய், எள், உப்பு எல்லாம் தனித்தனியாக. சட்டியோடு எண்ணெயைச் சுடுவதற்கு முன்னால் ஒரு தடவை, சுட்டு ஆறிய பிறகு ஒரு தடவை. கிட்டத்தட்ட 400 கிராம் குறைந்திருந்தது. அதெல்லாம் முறுக்கு குடித்தது. "பாத்தியா, இத்தனை வருஷமா மாவுக்குத்தான் கணக்குப் பாத்திருக்கேன், எண்ணெயைப் பாக்கவே இல்ல" என்று என்னிடம் சொன்னாள்.

அப்புறம் கேஸ். சிலிண்டரை எப்படி எடை போடுவது? உடம்பு எடை பார்க்கும் மெஷின் மேல் அண்ணன் அதைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துச் சித்தப்பா உள்ளே வந்தார். ஒரு நிமிடம் பேச்சில்லாமல் நின்றார். "என்னம்மா, சிலிண்டருக்கும் டயட்டா?" அண்ணன் சிரித்துவிட்டான். அண்ணி எடையைக் குறித்துக்கொண்டு, "காபி போடவா மாமா?" என்றாள்.

எல்லாம் பையனுடைய பழைய கணக்கு நோட்டில் ஏறியது. அவன் எழுதாமல் விட்ட பின்பக்கங்களில் கோடு போட்டுக் கட்டங்கள். மாவு, எண்ணெய், கேஸ், கவர். கடைசிக் கட்டத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டு அம்மாதான் முதலில் குரல் கொடுத்தாள்.

"அது என்ன, 'என் கூலி'? உனக்கு நீயே கூலி குடுத்துக்குவியா?"

அதைக் கேட்டுச் சித்தப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். விற்க நினைத்த விலையை வைத்துப் பார்த்தால், கூலிக் கட்டத்தையும் சேர்க்கும்போது, முதல் மூன்று தடவையும் கையைக் கடித்திருந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "நஷ்டம்னு நீயே எழுதியிருக்க. நான் சொன்னா பொல்லாதவன்."

"கூலியை எடுத்துட்டா லாபம்தான் மாமா. ஆனா நாளைக்கு ஒரு ஆளை வெச்சா அவங்களுக்கு எங்கேயிருந்து குடுக்கறது? இப்பவே அந்த இடத்தைக் காலியா வெச்சா அப்புறம் நிரப்ப முடியாது."

சித்தப்பா நோட்டை மூடி மேசைமேல் வைத்தார். அவருடைய தொழில் மூடியதற்குக் காரணம் என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. ஆனால் காபியைக் குடித்துவிட்டு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

கூலியை எடுக்க முடியாது என்றான பிறகு நேரத்தைக் குறைக்கத்தான் வேண்டியிருந்தது. அண்ணி கடாயை மாற்றினாள். சின்னதில் ஒரு ஈட்டுக்கு நான்கு, அகலமானதில் ஒன்பது. ஒரு ஈடு வேகும்போதே அடுத்ததைக் கரண்டிகளின் முதுகில் பிழிந்து தயாராக வைத்துக்கொண்டாள். எண்ணெயில் சலசலப்பு அடங்கும் சத்தத்தை வைத்தே, திரும்பிப் பார்க்காமல், "எடு" என்பாள். நான் ஜல்லிக் கரண்டியோடு நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நம்பிக்கை வந்து செய்ததாகச் சொன்னால் பொய். சும்மா உட்கார்ந்து டீவி பார்க்க வெட்கமாக இருந்தது.

முதல் வியாபாரம் என் ஆபீசில். 12 பாக்கெட். கால் கிலோ வீதம். அன்று காலையில் எனக்கு நேரமாகிவிட்டது, வாசலில் வண்டி வந்து நிற்கிறது. அண்ணி கையில் ஒரு முறுக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு. ஒரு மணி நேரம் போகட்டுமே" என்றாள். நான்தான், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அண்ணி, போடுங்க" என்று விரட்டினேன். அப்போது சீல் போடும் மெஷின் இல்லை. மெழுகுவத்திச் சுடரில் கவர் வாயைக் காட்டி ஒட்டுவாள். கட்டை விரல் நுனியில் ஒரு கொப்புளம் ஆறாமலே இருக்கும்.

மறுநாள் பக்கத்து சீட்டு அக்கா மென்மையாகத்தான் சொன்னார். "ருசி பிரமாதம்பா. என்ன, கொஞ்சம் மெதுமெதுன்னு இருக்கு." கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கப் பனி பிடித்த மாதிரி பொடிப்பொடியாக நீர். சூட்டோடு அடைத்ததில் ஆவி வெளியே போக வழியில்லாமல் முறுக்கிலேயே இறங்கியிருந்தது. நமத்துப்போன முறுக்கைக் கடித்தால் சத்தமே வராது. அந்தச் சத்தமில்லாமையை அன்று சாயங்காலம் வரை மென்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். அவள் சொன்னது அடுப்புச் சூட்டைப் பற்றி. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அண்ணி எதுவும் பேசாமல் போய் மாவைப் பிசைந்தாள். ராத்திரி சுட்டு, பரப்பி, ஃபேனைக்கூடப் போடாமல் ஆறவிட்டு, விடிந்த பிறகு 12 பாக்கெட்டும் புதிதாகக் கட்டிக் கொடுத்தாள். பணம் வாங்க வேண்டாம் என்றாள். அன்றைய பக்கத்தில் அவள் எழுதியிருந்தது: '12 பாக்கெட் – ஆறவில்லை, அவசரப்பட்டேன்.'

அவசரப்பட்டது நான். பேனாவை எடுத்து மாற்றி எழுதலாமா என்று நினைத்தேன். எழுதவில்லை. அந்த வாரம் ஆபீசிலிருந்து 20 பாக்கெட்டுக்குச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஓடிய மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீல் மெஷின் வந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கினாள். கவரில் சுட்ட தேதி, எடை, என்னென்ன சேர்த்தது எல்லாம் அச்சானது. ஒரு தடவை முறுக்கு எண்ணெயில் வெடித்தது, ஒரு தடவை வெண்ணெய் கூடிப்போய் பிழிந்ததெல்லாம் கடாயில் கரைந்து திரிந்தது. அதெல்லாம் நோட்டில் இருக்கிறது.

சொல்ல வேண்டியது பெரியம்மாவைப் பற்றி. அப்பாவின் அண்ணி. வாரம் ஒரு தடவை வருவார். "இதுல என்னம்மா வரப்போகுது உனக்கு" என்று சோபாவில் உட்காருவார். எழுந்து போகும்போது இரண்டு கிலோ கையில் இருக்கும். மகனுக்கு ஒரு கிலோ, சம்பந்தி வீட்டுக்கு ஒரு கிலோ. அண்ணி விலையைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே, "நமக்குள்ள என்ன கணக்கு" என்பார்.

ஆனால் நோட்டில் கணக்கு இருந்தது. கூலிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது: 'சொந்தம்'. அண்ணன் ஒருநாள் எதையோ தேடும்போது அதைப் பார்த்துவிட்டு, விரலை வைத்து மேலிருந்து கீழே கூட்டினான். இரண்டு மாதத்தில் 19 கிலோ. பெரியம்மா மட்டுமில்லை, சித்தப்பா, அத்தை பையன், என் தோழிக்கென்று நான் எடுத்துப்போன அரைக் கிலோகூட இருந்தது.

"மாசம் எவ்வளவு நிக்கும்னு கேட்டேனே," என்றான் அண்ணன். "நின்னிருக்கு. நாமதான் தின்னுட்டோம்."

அடுத்த வாரம் பெரியம்மா வந்தார். இரண்டு கிலோ கேட்டார். அண்ணி எட்டு பாக்கெட்டை ஒரு பையில் போட்டு, மேலே ஒரு சீட்டை வைத்துக் கொடுத்தாள். பெரியம்மா சீட்டை எடுத்துக் கண்ணாடியில்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்தார். அம்மா அடுக்களைக்குள் நழுவினாள். நான் போனைப் பார்ப்பதுபோல இருந்தேன்.

"என்ன இது?"

"எட்டு பாக்கெட்டுக்கு அத்தை. உங்களுக்குன்னு தனியா ஒரு டப்பா வெச்சிருக்கேன், அதுக்கு ஒண்ணும் வேணாம். இது மத்தவங்களுக்குத்தானே."

பெரியம்மா முகம் சுருங்கியது. சுருக்குப் பையைத் திறந்து நோட்டுகளை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணி, மேசைமேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார். அன்று ராத்திரி அம்மா அண்ணியோடு பேசவில்லை. அண்ணி அந்தப் பணத்தை நோட்டில் வரவு வைத்த பிறகும் வெகுநேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வாரம் பெரியம்மா வரவில்லை. நான்காவது வாரம் வந்தார். பையில் மகள் டயட்டுக்காக வாங்கிய குட்டித் தராசு. சோபாவில் உட்காரக்கூட இல்லை, நேரே மேசைக்குப் போய் ஒரு பாக்கெட்டைத் தூக்கித் தராசில் வைத்தார்.

"போன தடவை வாங்கினதையும் போட்டுப் பாத்தேன். இதையும் பாரு. 259. ஒன்பது கிராம் கூடப் போடற. இப்படி அள்ளிக் குடுத்தா என்னத்துக்கு ஆகும்? எட்டு பாக்கெட்டுக்கு எவ்வளவு போகுது, யோசிச்சியா?"

அண்ணி ஒரு காலிக் கவரை எடுத்துத் தராசில் வைத்தாள். 8 என்று காட்டியது.

"கவர் எட்டு கிராம் அத்தை. ஒரு கிராம்தான் கூட."

பெரியம்மா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஒண்ணையும் பாத்துப் போடு," என்றார். "சரி, அந்த டப்பா எங்க?"